மைட் அலர்ஜி இருக்கற குழந்தையோட படுக்கையை எந்த வரிசையில சரி பண்றது – முழு வழிகாட்டி

டாக்டர் சீட்டுல 'டஸ்ட் அலர்ஜி'ன்னு எழுதிக் குடுத்ததும் நம்ம பக்கம் முக்காவாசி வீட்ல நடக்கறது என்னன்னா, ஒட்டடை அடிப்பாங்க, ஷோகேஸ் துடைப்பாங்க, ரோட்டுப் புழுதி வருதுன்னு ஜன்னலை மூடுவாங்க, அப்பறம் ஏர் ப்யூரிஃபையர் என்ன விலைன்னு பாக்க ஆரம்பிச்சுருவாங்க. குழந்தை தெனமும் ஒம்பது மணி நேரம் மூஞ்சிய வெச்சுப் படுக்கற தலகாணி மட்டும் அப்படியே கெடக்கும். மைட்டுங்கற, மெத்தை தலகாணில வாழற கண்ணுக்குத் தெரியாத ஜீவனால வர்ற அலர்ஜிக்கு வேலையைத் தொடங்க வேண்டியது அந்தத் தலகாணியில.

இதுல என்ன செய்யணும்னு பல பேருக்குத் தெரியுது, எதை முதல்ல செய்யணும்ங்கறதுலதான் சறுக்கறாங்க. அதனால வரிசையோட எழுதறேன். கூடவே பெருந்துறைப் பக்கம் இருக்கற என் தங்கச்சி வீட்ல, ஏழு வயசுப் பையனுக்காக நாங்க செஞ்சதையும் அங்கங்க சொல்றேன், அளவோட சொன்னாத்தான் உங்களுக்குக் கணக்குப் போட வசதியா இருக்கும்.

1. முதல்ல, இது மைட் தானான்னு பாருங்க

மைட் அலர்ஜிக்குன்னு ஒரு நேரம் இருக்கு. காத்தால எந்திரிச்சு உக்காந்ததும் தும்மல் வரிசையா வரும், ஏழு எட்டுன்னு நிக்காம வரும், மூக்குல தண்ணி மாதிரி தெளிவா ஒழுகும், மூக்கு அரிக்கும், கண்ணு அரிக்கும். ஸ்கூலுக்குப் போய் ரெண்டு மணி நேரத்துல சரியாகிரும். ராத்திரி படுத்ததும் மறுபடி மூக்கடைப்பு, வாயத் தொறந்து தூங்கறது, குறட்டை, நடுராத்திரில வறட்டு இருமல். வீசிங் இருக்கற பிள்ளைன்னா விடியக்காலைல இழுப்பு வரும். தோல் அரிப்பு, கரப்பான் இருக்கற பிள்ளைகளுக்கு அது கூடும்.

சாதா சளின்னா காய்ச்சல் வரும், மூக்குச் சளி கெட்டியாகும், பத்து நாளைக்குள்ள போயிரும். இது போகாது, வருசம் பூரா இருக்கும், மழைக்காலத்துல கூடும். பையனோட மூக்கு மேல குறுக்கால ஒரு கோடு விழுந்திருக்கான்னு பாருங்க, உள்ளங்கையால மூக்கை மேல பாத்துத் தேச்சுத் தேச்சு வர்ற கோடு அது. கண்ணுக்குக் கீழ கருவளையமும் இருக்கும், சத்துக் குறைவுன்னு நெனச்சு டானிக் வாங்கிக் குடுத்துட்டு இருப்பாங்க.

சந்தேகத்தோட மெத்தைக்குச் செலவு பண்ணாதீங்க, டெஸ்ட் பண்ணிக்கங்க. ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு தோல் மேல சொட்டு விட்டு லேசாக் குத்திப் பாக்கறது, கால் மணி நேரத்துல தெரிஞ்சுரும். அதுக்குச் சில நாள் முன்னாடியே அலர்ஜி மாத்திரை, சிரப்பெல்லாம் நிறுத்தணும், இல்லைன்னா அலர்ஜி இருந்தும் இல்லைன்னு காட்டும், எத்தனை நாள் முன்னாடின்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க. இன்னொண்ணு பிளட் டெஸ்ட், அதுக்கு எதையும் நிறுத்த வேண்டியதில்ல. ஒரு விசயம், டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்தாலும் பிள்ளைக்கு ஒரு தொந்தரவும் இல்லாம இருக்கலாம், அதனால டெஸ்ட்டையும் மேல சொன்ன நேரக்கணக்கையும் ஒட்டுக்கா வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.

விலா எலும்பு உள்ள இழுக்குது, பேசவே மூச்சு பத்தல, உதடு நீலமாகுதுன்னா அது மெத்தை பத்தி யோசிக்கற நேரம் இல்லைங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. படுக்கையைச் சரி பண்றோம்னு இன்ஹேலரையோ மூக்கு ஸ்பிரேயையோ நீங்களா நிறுத்தவும் கூடாது.

2. அலர்ஜி எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் மீதி வேலை புரியும்

மைட்டுங்கறது எட்டுக்கால் உள்ள சின்ன ஜீவன், ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்கு கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. படுக்கைல கடிச்சு தடிப்பு தடிப்பா வருதுன்னா அது மூட்டைப்பூச்சி, அது வேற பஞ்சாயத்து. மைட் சாப்பிடறது நம்ம ஒடம்புல இருந்து உதிர்ற தோல் செதில். தண்ணி குடிக்காது, காத்துல இருக்கற ஈரத்தைத்தான் ஒடம்பால உறிஞ்சிக்கும். தோலும் ஈரமும் வெதுவெதுப்பும் ஒரே எடத்துல கெடைக்கறது எங்கன்னா, நாம வேர்த்துப் படுக்கற மெத்தைலயும் தலகாணிலயும்தான்.

அலர்ஜி வர்றது பெரும்பாலும் அதோட எச்சத்துல இருந்து. ஒரு மைட் ஒரு நாளைக்குச் சுமார் 20 உருண்டை போடும், ஒவ்வொண்ணும் 10ல இருந்து 40 மைக்ரான் வரைக்கும் இருக்கும், நம்ம தலைமுடி தடிமனை விடச் சின்னது. அந்த உருண்டை மேல இருக்கற ஒரு என்சைமுதான் டெர் பி 1ங்கறது, மூக்கையும் மூச்சுக்குழாயையும் கெளப்பி விடறது அது. மைட் செத்தாலும் அது மெத்தைக்குள்ளயே கெடக்கும். மருந்தடிச்சுப் பூச்சியைக் கொன்னுட்டோம்னு நிம்மதியா இருக்கறவங்க வீட்லயும் பிள்ளை தும்மிட்டே இருக்கறது இதனாலதான்.

அந்த உருண்டை கொஞ்சம் கனமானது. படுக்கையை உதறினா, பிள்ளை மெத்தைல குதிச்சா மேல கெளம்பும், அரை மணி நேரத்துல திரும்பக் கீழ படிஞ்சுரும். காத்துல ரொம்ப நேரம் நிக்காத பொருளை ஏர் ப்யூரிஃபையர் எப்படிப் புடிக்கும்? மூஞ்சியைத் தலகாணில அமுக்கிப் படுத்திருக்கற பிள்ளைக்கு மூலைல நிக்கற மெஷின் பெருசா உதவாது. அந்தக் காசை உறைக்குப் போடுங்க.

ஆக நம்மகிட்ட இருக்கறது மூணே வழி. துவைக்க முடிஞ்சதைத் துவைச்சு எச்சத்தை வெளிய தள்றது, துவைக்க முடியாததை உறை போட்டு உள்ளயே அடைக்கறது, இது ரெண்டும் முடியாததைப் படுக்கைல இருந்து எடுத்துர்றது.

3. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

மெத்தைக்கும் தலகாணிக்கும் ஆறு பக்கமும் மூடற, ஜிப் வெச்ச உறை. படுக்கை விரிப்பும் தலகாணி உறையும் மூணு செட்டு. மூடி போட்ட பெரிய பக்கெட், தண்ணி சூடு பாக்க ஒரு தெர்மாமீட்டர் (சமையலுக்கு விக்கற டிஜிட்டல் போதும், காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர் ஒதவாது). ரூம்ல ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் ஒண்ணு. வேலை செய்யறவங்களுக்கு மாஸ்க்.

இதுல எல்லாரும் தடுக்கி விழற எடம் உறைதான். கடைல 'மேட்ரஸ் ப்ரொடெக்டர்'னு கேட்டா எலாஸ்டிக் வெச்சு மேல மாட்டற வாட்டர்ப்ரூஃப் விரிப்பைக் குடுப்பாங்க. அது பிள்ளை ஒண்ணுக்குப் போனா மெத்தை நனையாம இருக்க. அடிப்பக்கம் தொறந்து கெடக்கும், பிள்ளை ஏறிப் படுக்கும்போதெல்லாம் உள்ள இருக்கற காத்து எச்சத்தோட சைடு வழியா வெளிய வரும். உங்களுக்கு வேண்டியது முழுசா மூடற உறை, துணியோட துளை 10 மைக்ரானுக்குக் கீழ இருக்கணும், 6க்குள்ள இருந்தா இன்னும் நல்லது. பாக்கெட்ல அந்த அளவு அச்சடிச்சு இருக்கான்னு பாருங்க, வெறும் 'ஆன்டி அலர்ஜி'ன்னு மட்டும் போட்டிருந்தா விட்ருங்க.

சைஸ் கெடைக்காதவங்க துணி வாங்கித் தைக்கலாம். தங்கச்சி வீட்டு மெத்தை நம்ம ஊர் இலவம்பஞ்சு மெத்தை, நீளம் 72 இஞ்ச், அகலம் 48, உயரம் 5. ரெடிமேட் உறை எதுவும் இதுக்குச் சரியா உக்காரல. மேல கீழ ரெண்டு துண்டு, தையலுக்கு விட்டு 74க்கு 50. சுத்திவர சைடுக்கு 7 இஞ்ச் அகலத்துல பட்டி, நீளம் 240 இஞ்சும் ஒட்டுக்குக் கொஞ்சமும். ஜிப் ஒரே பக்கம் வெச்சா பஞ்சு மெத்தையைத் திணிக்கறதுக்குள்ள தையல் கிழிஞ்சுரும், அதனால ஒரு அகலப் பக்கமும் ஒரு நீளப் பக்கமும் சேத்து எல் மாதிரி 120 இஞ்ச், அதாவது பத்தடி ஜிப். தையல் ரெண்டு மடிப்பா மடிச்சு அடிக்கணும், ஊசித் துளை வழியாவும் கசியும்ங்க. ஜிப் முடியற மூலைல ஒரு சின்ன சந்து இருக்கும், அதுக்கு மேல நல்ல துணி டேப் ஒட்டிருங்க.

துணியை எடுக்கும்போது டியூப் லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாருங்க, ஊசிக்குத்து மாதிரி புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரிஞ்சா அந்தத் துணி வேண்டாம். தெரியலைன்னாலும் அதுவே முழு உத்தரவாதம் ஆகாது, கரூர், ஈரோடு பக்கம் துணி விக்கறவங்ககிட்ட நெசவு எவ்வளவு நெருக்கம், துளை அளவு என்னன்னு கேட்டே வாங்குங்க. கைல காசு கம்மின்னா ரெக்சின் மாதிரி பிளாஸ்டிக் உறையும் எச்சத்தை அடைக்கும், வேர்க்கும், சத்தம் போடும், மேல தடியான காட்டன் விரிப்புப் போட்டா சமாளிக்கலாம். கைக்குழந்தை படுக்கற எடத்துல மட்டும் லூசா எந்தப் பிளாஸ்டிக்கும் வேண்டாம், மூச்சடைச்சுரும். ஒரு வயசுக்குள்ள குழந்தைக்குத் தலகாணியே வேண்டியதில்ல.

4. தலகாணியில இருந்து தொடங்குங்க

மூக்குக்குப் பக்கத்துல இருக்கறது அது, விலையும் கம்மி, அதனால இதுதான் முதல் வேலை. பழைய பஞ்சுத் தலகாணியைக் காய வெச்சு, தட்டி, உறை மாத்தி மறுபடி குடுக்காதீங்க, தூக்கிப் போடுங்க. தங்கச்சி பையனோட தலகாணில இருந்தது திருப்பூர் பனியன் வேஸ்ட், அதைப் பிரிச்சுப் பாத்தா உள்ள கட்டி கட்டியா, எச்சியும் வேர்வையும் ஊறி மஞ்சளா இருந்துச்சு. எங்கம்மாவுக்கு, அதாவது பையனோட அமுச்சிக்கு, அது ஒரே வருத்தம். "ஏங்கண்ணு, நீங்கெல்லாம் இதுல படுத்துத்தான வளந்தீங்க, உங்களுக்கு என்னாச்சு"ன்னாங்க. எங்களுக்கு அலர்ஜி இல்லைங்கம்மா, அவனுக்கு இருக்குதுன்னு சொல்லித்தான் வாங்கி வெளிய வெச்சோம்.

புதுசு வாங்கும்போது ஃபைபர் தலகாணின்னா மைட் வராதுன்னு கடைல சொல்வாங்க, அதை நம்பாதீங்க, பாலியெஸ்டர்லயும் நல்லாவே வளரும். ஃபைபர்ல இருக்கற ஒரே வசதி துவைக்கலாம்ங்கறது. எதை வாங்கினாலும் பாக்கெட்டைப் பிரிச்ச அன்னைக்கே, பிள்ளை தலை வைக்கறதுக்கு முன்னாடியே, ஜிப் உறைக்குள்ள போட்ருங்க. ஒரு மாசம் படுத்த பொறவு போட்டுக்கலாம்னு விட்டா உள்ள குடி வந்திருக்கும். ஜிப் உறைக்கு மேல சாதா காட்டன் உறை, அது வாராவாரம் சுடுதண்ணிக்குப் போறது.

5. மெத்தையைக் காய வெச்ச பொறவுதான் மூடணும்

இந்த வரிசையைத் தலைகீழாச் செஞ்சா பெரிய பாடு. ஈரத்தோட மெத்தையை உறைக்குள்ள அடைச்சா உள்ள பூஞ்சணம் புடிக்கும், அதுக்கும் சில பிள்ளைகளுக்கு அலர்ஜி வரும், மைட்டை அடைக்கப் போயி இன்னொண்ணை வளத்த மாதிரி ஆயிரும்.

பஞ்சு மெத்தையா இருந்தா நல்ல வெயில் நாளாப் பாத்து மொட்டை மாடில, தரையோட ஒட்டாம கயித்துக்கட்டில் மேலயோ ரெண்டு பெஞ்சு மேலயோ போடுங்க. பத்து மணிக்குப் போட்டு மதியம் திருப்பிப் போட்டு நாலு மணிக்குள்ள எடுத்துருங்க, சாந்தரம் ஆறு ஏழு வரைக்கும் விட்டா பனி ஈரத்தை மறுபடி இழுத்துக்கும். ரெண்டு நாள் போட்டா நிம்மதி. பங்குனி, சித்திரைல இதைச் செய்யறது சுலபம், ஐப்பசி கார்த்திகைல வெயில் வரும் வரும்னு காத்திருக்கறதை விட மெத்தையையே எடுத்து வெச்சுட்டு பாய்ல படுக்க வைக்கலாம். ஃபோம், ஸ்ப்ரிங் மெத்தையை நேர் வெயில்ல போடாதீங்க, ஃபோம் கெட்டுப்போகும், நெழல்ல காத்தாட நிமித்தி வெச்சா போதும்.

வெயிலே மைட்டைக் கொன்னுரும்னு சொல்றாங்களேன்னா, மெல்லிசான பொருள்ல உண்மைதான், கம்பளத்தைக் கடும் வெயில்ல போட்டு மைட் பூரா செத்துப்போனதை ஆஸ்திரேலியால ஆராய்ச்சியே பண்ணிப் பாத்திருக்காங்க. அஞ்சு இஞ்ச் பஞ்சு மெத்தைல மேல சுட்டாலும் நடுவுல அந்தச் சூடு போறதில்ல. அப்படியே எல்லாம் செத்தாலும் எச்சம் உள்ளதான் இருக்கு, வெயில் அதை அழிக்காது. அதனால வெயில் காய வைக்கறதுக்கு, உறை அடைக்கறதுக்கு, ஒண்ணு இன்னொண்ணுக்கு மாத்து ஆகாது.

மெத்தையைத் தட்டறதுன்னா மாடில வெச்சு, மாஸ்க் போட்டு, காத்து வீட்டுப் பக்கம் அடிக்காம பாத்து, பிள்ளை வீட்ல இல்லாத நேரமாத் தட்டுங்க. பெட்ரூம்ல வெச்சு சீமாறால நாலு அடி அடிக்கறதை நான் எத்தனையோ வீட்ல பாத்துட்டேன், அன்னைக்கு ராத்திரி அந்தப் பிள்ளை தூங்காது.

பழைய பஞ்சை மறுபடி அடிச்சு புது மெத்தையாக்கிக் குடுக்கறாங்களே, அது பரவாயில்லையான்னு கேப்பீங்க. அடிக்கறப்ப தூசி நெறையப் பறக்கும், ஆனா பஞ்சோட ஒட்டுன எச்சம் முழுசாப் போகாது, வெளிய இருந்து பாக்கத்தான் புதுசு. அப்படி அடிச்சாலும் உறை வேணும், அடிக்கற எடத்துல பிள்ளை இருக்கக் கூடாது.

காஞ்ச மெத்தையைச் சூடு ஆற விட்டு உறைக்குள்ள தள்ளி, ஜிப்பை இழுத்து, டேப்பை ஒட்டிருங்க. உறைக்குத் தெனமும் துவைப்பு வேண்டியதில்ல, பத்து நாளைக்கு ஒருக்கா ஈரத்துணியால மேல துடைச்சாப் போதும். மாசம் ஒருக்கா ஓட்டை கிழிசல் இருக்கான்னு தடவிப் பாருங்க, ஒரு இஞ்ச் கிழிசல் இருந்தாலும் அது வழியாத்தான் காத்து வரும்.

6. வாராவாரம் சுடுதண்ணி, அதுவும் 60 டிகிரி

விரிப்பு, தலகாணி உறை, போர்வை, இது மூணும் வாரத்துக்கு ஒருக்கா. பச்சத்தண்ணில சோப்புப் போட்டுத் துவைச்சாலே எச்சம் பெரும்பாலும் போயிரும், ஏன்னா அது தண்ணில கரையும். ஆனா மைட் சாகாது, துணியை இறுக்கப் புடிச்சுட்டு அப்படியே பொழச்சுக்கும், அடுத்த வாரம் மறுபடி எச்சம் போடும். சாகணும்னா தண்ணி 55 டிகிரிக்கு மேல இருக்கணும், அதனாலதான் 60ன்னு சொல்றது.

மெஷின்ல ஹீட்டர் உள்ள ஃப்ரண்ட் லோடுன்னா 60ல வெச்சுட்டுப் போயிரலாம். டாப் லோடு மெஷின் பலதுல ஹீட்டர் கெடையாது, 'ஹாட்'ன்னு பட்டன் இருந்தாலும் அது குழாய்ல என்ன வருதோ அதைத்தான் எடுக்கும். குளிக்கற கீசர் தண்ணியும் பக்கெட்டுக்கு வந்து துணில பட்டதும் 50க்குக் கீழ எறங்கிரும். கைபொறுக்கற சூடுன்னா அது மைட்டும் பொறுக்கற சூடுதாங்க.

தங்கச்சி வீட்ல டாப் லோடு, அதனால பக்கெட் முறை. நல்லாக் கொதிக்கற தண்ணி மூணு பங்கு, பச்சத்தண்ணி ரெண்டு பங்கு வெளாவினா எழுபது டிகிரி பக்கம் நிக்கும். 20 லிட்டர் பக்கெட்னா 9 லிட்டர் கொதிதண்ணி, 6 லிட்டர் பச்சை, மீதி எடம் துணிக்கு. ஒரு விரிப்பு, ரெண்டு தலகாணி உறைன்னு கொஞ்சமாப் போடுங்க, திணிச்சா சூடு எறங்கிரும். குச்சியால அமுக்கி முழுசா மூழ்க வெச்சு, மூடி போட்டு அரை மணி நேரம். மூடியைத் தொறந்ததும் தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்க, 55க்கு மேல இருக்கணும், எறங்கியிருந்தா அடுத்த வாரம் கொதிதண்ணியைக் கொஞ்சம் கூட்டிக்கங்க. ரெண்டு மூணு வாரம் பாத்தா உங்க பக்கெட்டுக்கு என்ன கணக்குன்னு கைக்கு வந்துரும், அப்பறம் தெர்மாமீட்டர் வேண்டியதில்ல. அதுக்கு அப்பறம் அதை மெஷின்ல போட்டு சாதாவா துவைச்சு ரெண்டு தடவை அலசணும், சாகடிச்சது மட்டும் போதாது, வெளிய போகணும். கொதிதண்ணி தூக்கறப்ப பிள்ளைங்க யாரும் பின்னாடி ஓடி வராம பாத்துக்கங்க, இதை நான் எல்லாருக்கும் ரெண்டு தடவை சொல்றது.

ஒண்ணுக்கு, பால், ரத்தக்கறை இருந்தா அதை முதல்ல பச்சத்தண்ணில கசக்கி எடுத்துருங்க, சுடுதண்ணில நேராப் போட்டா கறை துணியோட ஒட்டிப்போகும். சாயம் போற துணியைத் தனியாப் போடுங்க. சென்னிமலைக் காட்டன் பெட்ஷீட் இந்தச் சூட்டுக்குத் தாங்கும், முதல் தடவை கொஞ்சம் சுருங்கலாம். கம்பளி தாங்காது, பிள்ளைக்குக் கம்பளியே வேண்டாம். அமுச்சியோட பழைய நூல் சேலையை ரெண்டா மடிச்சுப் போத்தி விடறது இருக்கே, இந்த விசயத்துல அதை விட நல்ல போர்வை கெடையாது, மெல்லிசு, வாராவாரம் கொதிதண்ணி தாங்கும், மதியத்துக்குள்ள காஞ்சுரும்.

7. பொம்மை

கட்டிப் புடிச்சுத் தூங்கற கரடி பொம்மை இன்னொரு தலகாணின்னு வெச்சுக்கங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் பிள்ளையையே எடுக்கச் சொல்லி, மீதியை அட்டாலில ஏத்திருங்க. அந்த ஒண்ணு சுடுதண்ணி தாங்காதுன்னா பாலித்தீன் பைல கட்டி ஃப்ரீசர்ல ஒரு நாள் முழுக்க வெச்சு, அப்பறம் பச்சத்தண்ணில துவைச்சு வெயில்ல நல்லாக் காய வைங்க. ஃப்ரீசர்ல வெச்சு எடுத்து அப்படியே குடுத்துர்றாங்க, குளிர்ல மைட் சாகும், எச்சம் எங்க போகும்? ஃப்ரீசர் மைனஸ் 18 பக்கம் இருக்கணும், கீழ்த்தட்டுல வெச்சா ஒண்ணும் ஆகாது.

8. ரூம்ல ஈரம், அப்பறம் பெருக்கறது

ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ தொடர்ந்து இருந்தா மைட் காஞ்சு சாகும். கோடைல ஈரோடு, கரூர்ல பகல்ல இது தானா நடக்கும், பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குள்ள வீடுன்னாலோ மழைக்காலத்துலயோ நடக்காது. நாமளே கூட்டற ஈரத்தைக் குறைக்கலாம். முதல் எதிரி ஏர் கூலர். அது தண்ணியை ஆவியாக்கித்தான் குளிர் குடுக்குது, மூடின ரூம்ல ராத்திரி பூரா ஓட்டினா மீட்டர்ல நல்லாவே ஏறும். இந்தப் பிள்ளை ரூமுக்கு ஃபேன் போதும், வசதி இருந்தா ஏசி, ஏசி ஈரத்தை உறிஞ்சும். ஈரத்துணியை பெட்ரூம் கொடில காய வைக்காதீங்க. எந்திரிச்ச ஒடனே படுக்கையைச் சுருட்டி மூலைல வைக்காம, போர்வையை வெலக்கி ஜன்னலைத் தொறந்து ஒரு மணி நேரம் காத்தாட விடுங்க, ராத்திரி வேர்வை ஈரம் போகட்டும்.

பெருக்கறது பிள்ளை ஸ்கூல் போன பொறவு, முதல்ல ஃபேன் றெக்கை, அப்பறம் ஜன்னல் கம்பி, கட்டில் சட்டம், கடைசியா தரை, எல்லாம் ஈரத்துணில. கீழ துடைச்சுட்டு மேல தட்டினா திரும்ப வந்து விழும். சாம்பிராணி, வேப்பிலைப் புகை, கொசுவத்திச் சுருள், இதெல்லாம் மெத்தைக்குள்ள இருக்கறதை ஒண்ணும் பண்ணாது, வீசிங் இருக்கற பிள்ளைக்கு அந்தப் புகையே இழுப்பைக் கெளப்பும்.

9. ரெண்டாவது படுக்கையை மறந்துராதீங்க

தங்கச்சி வீட்ல எல்லாம் முடிச்சும் மூணு வாரமா காத்தாலத் தும்மல் அப்படியே இருந்துச்சு. ஜிப் சரியா இருக்கு, தண்ணிச் சூடு சரியா இருக்கு. பையன்கிட்டயே கேட்டோம், "ராத்திரி எங்கடா சாமி தூங்கற?" "அம்முச்சிகிட்ட, பெரியம்மா"ன்னான். பத்து மணிக்கு அவன் கட்டில்ல படுக்க வைக்கறாங்க, நடுராத்திரில எந்திரிச்சு அமுச்சி மெத்தைல போயி ஒட்டிட்டுப் படுத்துக்கறான், அது இவன் அம்மா கல்யாணத்துக்குப் போட்ட மெத்தை. அதையும் உறைக்குள்ள போட்டோம். அமுச்சிக்குப் பிளாஸ்டிக் சத்தம் பிடிக்கலைன்னு துணி உறையே தைச்சோம்.

அதனால பிள்ளை எங்கெங்க தலை சாய்க்குதுன்னு ஒரு வாரம் கவனிச்சு எழுதுங்க. அம்மா அப்பா மெத்தை, டிவி முன்னாடி இருக்கற சோபா, லீவுக்குப் போற அப்புச்சி வீடு. சோபாவுக்கு உறை போட முடியாது, அதுல படுக்காம பாத்துக்கங்க. ஊருக்குப் போனா உறை போட்ட தலகாணியைக் கூடவே எடுத்துட்டுப் போயி, துடைச்ச தரைல கோரைப்பாயும் துவைச்ச ஜமக்காளமும் விரிச்சுப் படுக்க வைங்க. அட்டாலில ஆறு மாசமா மடிச்சு வெச்ச விருந்தாளி மெத்தையைப் பாசத்தோட எறக்கிப் போடுவாங்க பாருங்க, அதுதான் மோசம்.

10. எப்பத் தெரியும், தெரியலைன்னா என்ன

ஒரு வாரத்துல மாத்தம் எதிர்பாக்காதீங்க, எச்சம் அளவு எறங்கவும் மூக்கோட வீக்கம் அடங்கவும் ரெண்டு மூணு மாசம் புடிக்கும். ஒரு நோட்டுல தெனமும் மூணே விசயம் எழுதுங்க: காத்தாலத் தும்மல் இருந்துச்சா, ராத்திரி இருமி எந்திரிச்சானா, இழுப்புக்கு அடிக்கற இன்ஹேலர் எத்தனை தடவை. ஞாபகத்துல வெச்சா கடைசி ரெண்டு நாள்தான் நிக்கும்.

எவ்வளவு எதிர்பாக்கலாம்ங்கறதுலயும் நேர்மையா இருக்கணும். உறை மட்டும் போட்டுப் பெரியவங்களுக்கு ஆஸ்துமா குறையலைன்னு பெரிய ஆராய்ச்சிகளே சொல்லியிருக்கு. மைட் அலர்ஜி உறுதியான பிள்ளைங்ககிட்ட கதை வேற. இங்கிலாந்துல 2017ல வெளியான ஒரு ஆய்வுல, மைட் உறை போட்ட பிள்ளைகள்ல ஒரு வருசத்துல ஆஸ்துமா முத்தி எமர்ஜென்சிக்கு வந்தது 100க்கு 29 பேர், சாதா உறை போட்டவங்கள்ல 42 பேர். குறைஞ்சிருக்கு, ஆனா இல்லாமப் போகல. அதனால மருந்து கூடவே ஓடணும், நோட்டைக் காட்டி அளவைக் குறைக்கறது டாக்டரோட வேலை.

மூணு மாசம் ஒழுங்காச் செஞ்சும் நோட்டுல ஒண்ணும் மாறலைன்னா, முதல்ல ரெண்டாவது படுக்கையைத் தேடுங்க, அடுத்து உறைல கிழிசல் பாருங்க, அடுத்து துவைக்கற தண்ணிச் சூட்டை அளந்து பாருங்க. மூணும் சரின்னா மைட்டோட வேற ஏதோ சேந்திருக்கு. சமையக்கட்டுக் கரப்பான்பூச்சி, வீட்டுப் பூனை, செவுத்துல ஓதம் ஏறி வந்த பூஞ்சணம், காலி எடத்துல வளர்ற பார்த்தீனியம், இதுல எதுன்னு டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துட்டு டாக்டர்கிட்டத் திரும்பப் போங்க. மைட்டே காரணம்னு உறுதியாகி மருந்துக்கும் அடங்கலைன்னா, ஊசியாவோ நாக்குக்கு அடில வைக்கற மருந்தாவோ வருசக்கணக்குல குடுக்கற இம்யூனோதெரபி இருக்கு, அதைப் பத்தி அலர்ஜி பாக்கற டாக்டர்கிட்டயே கேளுங்க. அதை எடுத்தாலும் ஜிப் உறையைக் கழட்டிராதீங்க.